புது ரூட்டில் பள்ளிப் பேருந்து: ஏறும் இடம், ஸ்டாப் வரிசை, நேரம் மூன்றையும் உறுதிசெய்வது எப்படி?

கேள்வி: சந்தோசபுரத்துக்கு வீடு மாறிவிட்டோம். பள்ளி சோழிங்கநல்லூர் பக்கம். பெண் இரண்டாம் வகுப்பு போகிறாள். ஜூனிலிருந்து கேம்ப் ரோட்டில் புறப்படும் புது ரூட் என்கிறார்கள். ஸ்டாப் எங்கே, எத்தனையாவது ஸ்டாப், எத்தனை மணிக்கு என்று கேட்டால் டிரைவர் ஒன்று சொல்கிறார், வாட்ஸ்அப் குரூப்பில் வேறொன்று சொல்கிறார்கள். எதை நம்புவது?

பதில்:

இரண்டையும் இப்போதைக்கு நம்பாதீர்கள். ரூட்டை முடிவு செய்கிறவர் பள்ளியின் டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ். சில பள்ளிகளில் அந்த வேலையை ஆபீஸ் மேனேஜரே பார்ப்பார். டிரைவருக்குத் தெரிவது அவர் ஓட்டிப் பார்த்த நேரம். குரூப்பில் வருவது பெரும்பாலும் போன வருஷத்துத் தகவல். வகுப்பு ஆசிரியைக்கு ரூட் நம்பர் தெரியும், ஸ்டாப் தெரியாது. இன்சார்ஜிடம் இருக்கும் ரூட் ஷீட்டில் உங்கள் பெண்ணின் பெயருக்கு நேரே எழுதியிருப்பதுதான் கணக்கு. அந்த ஷீட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும். போனில் கேட்டால் "சந்தோசபுரம்தானே, போட்டாச்சு மேடம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

நேரில் போவதாக இருந்தால் காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டுக்குள் போங்கள். ஒன்பது மணி வரை வராத பஸ், தவறவிட்ட பிள்ளை என்று அவருக்குப் போன் ஓயாது. இரண்டரைக்கு மேல் பஸ்களை வரிசைப்படுத்தும் வேலை தொடங்கிவிடும். நடுவில் இருக்கும் இந்த நேரத்தில்தான் நிதானமாகப் பேச முடியும். பள்ளி திறப்பதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்னால் போவது நல்லது. ரொம்ப முன்னால் போனால் ஷீட்டே தயாராகியிருக்காது.

முதலில் ஏறும் இடம். ரூட் ஷீட்டில் "சந்தோசபுரம்" என்று ஒரு சொல்தான் இருக்கும். அந்த ஒரு சொல்லுக்குள் மாநகரப் பேருந்து நிறுத்தம், அதற்கு முந்தைய தெருமுனை, மருந்துக்கடை வாசல் எல்லாம் அடங்கும். வேளச்சேரி–தாம்பரம் சாலை நடுவில் தடுப்பு உள்ள சாலை. பக்கம் மாறி நின்றால் பஸ் கண்ணெதிரே போகும், ஓடிப்போய் ஏற முடியாது. அதனால் ஸ்டாப் என்று கேட்கும்போது ஒரு பெயரோடு நிறுத்தாமல் மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: எந்த அடையாளம், சாலையின் எந்தப் பக்கம், முந்தைய ஸ்டாப்பும் அடுத்த ஸ்டாப்பும் எவை.

பக்கத்தைச் சொல்லும்போது "பேங்க் எதிரில்" என்று எழுத வேண்டாம். பேங்கின் வாசலிலா, சாலைக்கு அந்தப் பக்கமா என்று படிக்கிறவர் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்வார். "மேடவாக்கம் போகும் பக்கம்", "தாம்பரம் போகும் பக்கம்" என்று எழுதினால் குழப்பமே வராது. காலையில் கேம்ப் ரோட்டிலிருந்து வரும் பஸ் மேடவாக்கம் போகும் பக்கம்தான் நிற்கும். உங்கள் வீடு அந்தப் பக்கத்திலேயே இருந்தால் காலையில் சுலபம். ஆனால் மாலையில் பஸ் தாம்பரம் போகும் பக்கத்தில் இறக்கிவிடும், அப்போது பெரியவர் யாராவது சாலையைக் கடந்து போய்க் கூட்டி வர வேண்டும். வீடு மறுபக்கம் என்றால் காலையில் நீங்கள் கடக்க வேண்டும், மாலையில் தேவையில்லை. இரண்டு வேளையும் ஒரே பக்கம் வேண்டும் என்று கேட்டால், பஸ் யூ-டர்ன் எடுக்கும் இடம் அருகில் இருந்தால் ஒழியக் கிடைக்காது. கிடைக்காததைக் கேட்டு மல்லுக்கட்டுவதைவிட, நடந்து கடக்கப் பாதுகாப்பான இடத்துக்குப் பக்கமாக ஸ்டாப்பை ஐம்பது, நூறு அடி நகர்த்தித் தரச் சொல்வது பலன் தரும். அதை இன்சார்ஜ்கள் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

இடத்தை லொகேஷனாகவும் அனுப்புங்கள். ஆனால் வீட்டில் உட்கார்ந்து அனுப்பாதீர்கள். பஸ் நிற்க வேண்டிய இடத்திலேயே போய் நின்று வாட்ஸ்அப்பில் `Send your current location` கொடுங்கள். அதன் கீழே எத்தனை மீட்டர் துல்லியம் என்று காட்டும். அது பத்து, பதினைந்து மீட்டருக்குள் வரும்வரை கொஞ்சம் பொறுத்து அனுப்புங்கள். `Share live location` வேண்டாம். நீங்கள் வீட்டுக்குத் திரும்பினால் அந்தப் புள்ளியும் கூடவே வீட்டுக்கு வந்துவிடும், பிறகு அதுவும் மறைந்துவிடும். தடுப்பு உள்ள சாலையில் பத்து மீட்டர் பிசகினாலே புள்ளி மறுபக்கம் விழும், அதனால் லொகேஷனோடு பக்கத்தையும் எழுத்தில் சொல்லியே ஆக வேண்டும்.

உங்கள் ரூட்டில் இன்னொரு கேள்வியும் உண்டு. மேடவாக்கம் சந்திப்புகளின் மேல் மேம்பாலம் இருக்கிறது. வேளச்சேரிக்குப் போகிற வண்டி அதன்மேல் ஏறிப் போய்விடலாம். பெரும்பாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் போகிற பஸ் கீழேதான் போய்த் திரும்ப வேண்டும். "மேடவாக்கத்தில் பஸ் பாலத்துக்குக் கீழேயா, மேலேயா?" என்று கேளுங்கள். பதில் "மேலே" என்று வந்தால், அவர் பார்த்துக்கொண்டிருப்பது வேறு ரூட்டின் ஷீட். ரூட் நம்பரைக் கேட்டுச் சரிபார்ப்பதைவிட இந்தக் கேள்வியில் தப்பு சீக்கிரம் வெளிப்படும்.

அடுத்தது ஸ்டாப் வரிசை. பல பெற்றோர் நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். வரிசையும் தெரிந்தால்தான் அந்த நேரம் எப்போது மாறும், ஏன் மாறும் என்பது புரியும். உங்கள் ரூட் ஷீட் ஏறக்குறைய இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம் (நேரங்கள் உதாரணத்துக்குத்தான்):

1. கேம்ப் ரோடு – 7:00
2. ராஜகீழ்ப்பாக்கம் – 7:06
3. செம்பாக்கம் – 7:13
4. சந்தோசபுரம் – 7:20
5. மேடவாக்கம் – 7:28
6. பெரும்பாக்கம் – 7:36
பள்ளி – 7:50

இதில் நகராத நேரம் கடைசியில் இருக்கும் 7:50 ஒன்றுதான். முதல் மணி அடிப்பதற்கு முன் பஸ் உள்ளே வந்தாக வேண்டும். மற்ற நேரங்களை எல்லாம் அதிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் போடுவார்கள். ஜூலையில் மேடவாக்கத்துக்கு முன்னால் உள்தெரு ஒன்றில் இரண்டு பிள்ளைகள் புதிதாகச் சேர்கிறார்கள், பஸ் உள்ளே போய்த் திரும்ப ஐந்து நிமிஷம் ஆகிறது என்று வையுங்கள். பள்ளிக்கு 7:55-க்குப் போக முடியாது. ஆகவே கேம்ப் ரோட்டில் 6:55-க்கே கிளம்புவார்கள், உங்கள் ஸ்டாப் 7:15 ஆகிவிடும். மேடவாக்கம் 7:28, பெரும்பாக்கம் 7:36 அப்படியே இருக்கும். அந்த ஸ்டாப்களில் உள்ளவர்களுக்கு எந்த மாற்றமும் தெரியாததால் குரூப்பில் "டைம் மாறலையே" என்று அடித்துச் சொல்வார்கள். அவர்களுக்கு அது சரி. உங்களுக்குத் தப்பு.

இதுவே ராஜகீழ்ப்பாக்கத்துக்கும் செம்பாக்கத்துக்கும் நடுவில் ஒரு ஸ்டாப் கூடினால் கேம்ப் ரோடும் ராஜகீழ்ப்பாக்கமும் முன்னே நகரும். உங்கள் 7:20 அசையாது. உங்களுக்கும் பள்ளிக்கும் நடுவில் சேரும் ஸ்டாப்தான் உங்கள் நேரத்தை முன்னே தள்ளும். உங்களுக்கு முந்தைய ஸ்டாப்களால் வருவது வேறு தொல்லை: தாமதம். செம்பாக்கத்தில் ஒரு பிள்ளை ஷூ போட்டுக்கொண்டு ஓடிவரும்வரை பஸ் இரண்டு நிமிஷம் நின்றால் அது உங்கள் தலையில் விழும். நீங்கள் நாலாவது ஸ்டாப் என்றால் மூன்று ஸ்டாப்களின் தாமதம் சேர்ந்து வரும். முதல் ஸ்டாப்பில் இருப்பவருக்குக் கிட்டத்தட்ட கடிகாரம் மாதிரி வரும் பஸ், ஆறாவது ஸ்டாப்பில் தினம் ஒரு நேரத்துக்கு வருவது இதனால்தான். எனவே இன்சார்ஜிடம் "எங்களுக்கு அப்புறம் இன்னும் யாராவது சேரப் போகிறார்களா, அட்மிஷன் முடிந்துவிட்டதா?" என்று கேளுங்கள். "இன்னும் நாலு பேர் பாக்கி" என்றால் உங்கள் 7:20 தற்காலிகம் என்று அர்த்தம்.

டிரைவர் சொன்ன நேரம் ஏன் வேறு? புது ரூட்டை லீவு நாட்களில் காலி பஸ்ஸில் ஓட்டிப் பார்ப்பார்கள். அப்போது பள்ளி, கல்லூரி வண்டிகள் ரோட்டில் இல்லை, ஒவ்வொரு ஸ்டாப்பிலும் பிள்ளைகள் ஏற ஆகும் நேரமும் இல்லை. அதனால் அவருக்குச் சந்தோசபுரம் 7:10-க்கே வந்திருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. ஜூனில் அந்த வேகம் கிடைக்காது, அவ்வளவுதான். மேப்பில் நீங்களே பார்ப்பதானால் லீவு நாளில் இப்போதைய நேரத்தைப் பார்க்காதீர்கள். கூகுள் மேப்ஸில் மூன்று புள்ளி மெனுவில் `Set depart or arrive time` போய், வேலை நாளான ஒரு திங்கட்கிழமையைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அதுவும் கார் போகிற நேரம். மஞ்சள் பஸ்ஸில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கும், தவிர ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்று, ஆயா பிள்ளைகளை ஏற்றிக் கதவைச் சாத்த ஒரு நிமிஷமாவது ஆகும். எல்.கே.ஜி. பிள்ளைகள் நாலைந்து பேர் ஏறும் ஸ்டாப் என்றால் இரண்டு நிமிஷம். மேப் காட்டும் நேரத்தோடு இதைக் கூட்டிக்கொண்டால் ஷீட்டில் உள்ள நேரம் நடக்கிற காரியமா என்று உங்களுக்கே தெரியும். இரண்டு ஸ்டாப்களுக்கு நடுவே இரண்டே நிமிஷம் என்று போட்டிருந்தால் அது மேசையில் உட்கார்ந்து எழுதிய ஷீட்.

மாலை வரிசையைத் தனியாகக் கேட்க வேண்டும். காலை ஷீட்டை மட்டும் கொடுத்துவிட்டு "ஈவினிங் ரிவர்ஸ்" என்பார்கள். உங்கள் ரூட் ஒரே வழியில் போய் வருவதால் ரிவர்ஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 3:45-க்குப் புறப்பட்டால் பெரும்பாக்கம், மேடவாக்கம், அப்புறம் சந்தோசபுரம் என்று ஏறக்குறைய 4:20 ஆகும். வட்டமாகச் சுற்றி வரும் ரூட்களில் சில பள்ளிகள் மாலையும் காலை வரிசையிலேயே போகும். காலையில் முதலில் ஏறுகிற பிள்ளை மாலையிலும் கடைசியாக இறங்கி இரண்டு வேளையும் நீளமான பயணம் போகாமல் இருக்க அந்த ஏற்பாடு. நியாயமான ஏற்பாடுதான். இன்னொரு விஷயம், பெரிய வகுப்புகளுக்கு ஸ்பெஷல் கிளாஸ் தொடங்கியதும் மாலையில் இரண்டு ரூட்களைச் சேர்த்து ஒரே பஸ்ஸில் அனுப்புவதும் உண்டு. அப்போது காலை பஸ் நம்பரும் மாலை பஸ் நம்பரும் வேறாகிவிடும். "மாலையில் இதே வண்டிதானா?" என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

இத்தனையும் பேசி முடித்த அன்றே இன்சார்ஜுக்கு எழுத்தில் ஒரு செய்தி அனுப்பி "சரி" என்று பதில் வாங்குங்கள். பள்ளியின் மின்னஞ்சல் இருந்தால் அதற்கும் ஒரு பிரதி. இப்படி இருந்தால் போதும்:

> வணக்கம் சார். மாணவியின் பெயர், வகுப்பு 2-பி, அட்மிஷன் எண் ___. பழைய ரூட் ___, புது ரூட் ___ (ஜூன் முதல்).
> காலை: 4-வது ஸ்டாப், சந்தோசபுரம், ___ மருந்துக்கடை வாசல், மேடவாக்கம் போகும் பக்கம், 7:20. முந்தைய ஸ்டாப் செம்பாக்கம், அடுத்தது மேடவாக்கம்.
> மாலை: அதே இடத்துக்கு நேர் மறுபக்கம், தாம்பரம் போகும் பக்கம், சுமார் 4:20.
> லொகேஷன் இரண்டும் கீழே. அழைக்க வருபவர்கள்: அம்மா, தாத்தா (எண்கள் ___).
> பஸ் பதிவெண், டிரைவர் எண், ஆயா எண் தெரிவிக்கவும். மேலே உள்ளது சரிதானா என்று உறுதி செய்யவும்.

"சரிதானா" என்று கேட்டு முடிப்பதில் காரணம் இருக்கிறது. "தகவலுக்காக" என்று அனுப்பினால் படித்துவிட்டு விட்டுவிடுவார்கள். கேள்வியாக இருந்தால் ஷீட்டை ஒருமுறை எடுத்துப் பார்த்துத்தான் பதில் போடுவார்கள், தப்பு இருந்தால் அப்போது கண்ணில் படும்.

இதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் பெரிய வில்லங்கம் இருக்கிறது. ஆபீஸ் ஷீட்டில் ரூட் மாறிவிடும், மற்ற இடங்களில் மாறியிருக்காது. ரூட் விவரம் இன்னும் மூன்று இடங்களில் இருக்கும்: பஸ்ஸில் ஆயா வைத்திருக்கும் பெயர்ப் பட்டியல், வகுப்பு ஆசிரியையிடம் உள்ள மாலை நேரப் பட்டியல், பிள்ளையின் ஐ.டி. கார்டு அல்லது டைரி. காலையில் தப்பு நடந்தால் பஸ் வராது, நீங்கள் பக்கத்தில் இருப்பீர்கள், சமாளித்துவிடலாம். மாலையில் நடந்தால் அப்படியில்லை. சின்ன வகுப்புப் பிள்ளைகளை மாலையில் ரூட் நம்பர் வாரியாக வரிசையில் உட்கார வைப்பார்கள். ஐ.டி. கார்டில் பழைய ரூட் ஸ்டிக்கர் அப்படியே இருந்தால், வரிசை விடும் ஆள் அதைப் பார்த்துப் பழைய பஸ்ஸில் ஏற்றிவிடுவார். பஸ் உங்கள் பழைய வீட்டுப் பக்கம் போய்ச் சேரும். இரண்டாம் வகுப்புப் பிள்ளை பழகின பஸ், பழகின ஆயா என்று தானாகவே ஏறி உட்காரவும் செய்யும். ஆகவே முதல் நாளுக்கு முன் பழைய ஸ்டிக்கரைக் கிழித்துப் புதியதை ஒட்டுங்கள், டைரியில் பழைய ரூட்டை அடித்துவிட்டு எழுதுங்கள், ஆசிரியைக்குத் தனியாக ஒரு வரி அனுப்புங்கள். பிள்ளைக்கும் புது ரூட் நம்பரைச் சொல்லிப் பழக்குங்கள். முதல் நாள் காலை பஸ் வந்ததும் ஆயாவிடம் "லிஸ்ட்டில் பேர் இருக்கா, எந்த ஸ்டாப்னு போட்டிருக்கு?" என்று கேட்டு விரலால் காட்டச் சொல்லுங்கள். பிள்ளைகளின் பெயர், முகவரி, ஏறும் இடம் அடங்கிய பட்டியல் வண்டியிலேயே இருக்க வேண்டும். காட்டச் சொல்லிக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

பள்ளி ஜி.பி.எஸ். ஆப் கொடுத்திருந்தால் அதையும் சரிபார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும். கருவி மாட்டியிருப்பது வண்டியில். ரூட்டுக்கு வேறு வண்டி போட்டால், ஆப்பில் அதை இணைக்கும்வரை பழைய வண்டிதான் ஓடிக்கொண்டிருக்கும். "பஸ் நெருங்கிவிட்டது" என்ற அறிவிப்பு, ஆப்பில் உங்கள் ஸ்டாப் என்று குறித்திருக்கும் புள்ளியைச் சுற்றிப் பஸ் நுழைந்தால் வருவது. அந்தப் புள்ளி இன்னும் பழைய வீட்டிலேயே இருந்தால் அறிவிப்பு வராது. ஆப்பைத் திறந்து வண்டி எண்ணும் ஸ்டாப் புள்ளியும் புதியவையா என்று பாருங்கள். இல்லையென்றால் மாற்ற வேண்டியவர் அதே இன்சார்ஜ்தான். பதிவெண் கையில் இருக்கும்போதே எம்-பரிவாகன் ஆப்பில் போட்டு வண்டியின் தகுதிச் சான்றும் இன்சூரன்சும் நடப்பில் உள்ளனவா என்று பார்த்துவிடலாம், இரண்டு நிமிஷ வேலை.

பஸ் கட்டணம் தூரப் பிரிவுப்படி என்றால், ஸ்டாப் உறுதியாகும் முன் கட்டிவிடாதீர்கள். பிரிவு மாறினால் வித்தியாசத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

முதல் வாரம் ஷீட் நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் நில்லுங்கள். அந்த வாரம் எல்லாப் பிள்ளைகளும் வருவதில்லை, அதனால் பஸ் சீக்கிரம் வந்துவிடும். எல்லாரும் வரத் தொடங்கியதும் அதே பஸ் தாமதமாகும். தினமும் வந்த நேரத்தைக் குறித்து வையுங்கள். முழு வருகை இருக்கும் ஒரு வாரத்துக்குப் பிறகு கிடைக்கும் நேரம்தான் நிஜம். ஷீட் நேரத்துக்கும் அதற்கும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் வித்தியாசம் தொடர்ந்தால் குறித்ததை அப்படியே இன்சார்ஜுக்கு அனுப்பி நேரத்தைத் திருத்தச் சொல்லுங்கள். "லேட்டா வருது" என்று சொல்வதைவிடத் தேதியும் நேரமும் எழுதி அனுப்பினால் வேலை நடக்கும்.

வேறு வண்டி வந்தால், முன்கண்ணாடியில் உங்கள் ரூட் நம்பர் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். ஆயா புது முகமாக இருந்தால் ஆபீஸுக்குப் போன் செய்து "இன்று இந்த ரூட்டுக்கு இந்த வண்டியா?" என்று கேட்ட பிறகு ஏற்றுங்கள். மாலையில் அழைக்க யாரும் ஸ்டாப்பில் இல்லாவிட்டால் பிள்ளையை என்ன செய்வார்கள் என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள். கடைசி ஸ்டாப் வரை கொண்டுபோய்த் திரும்பும்போது விடும் பள்ளியும் உண்டு, பள்ளிக்கே கொண்டுபோய் வைத்துக்கொண்டு போன் செய்யும் பள்ளியும் உண்டு. பக்கத்துக் கடையில் விட்டுவிட்டுப் போகிறோம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் ரூட்டில் கடைசி ஸ்டாப் கேம்ப் ரோடு. அங்கேயே போய் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவைத்தால், 4:20-க்குத் தாத்தாவால் சந்தோசபுரம் ஸ்டாப்புக்கு வர முடியாத நாளிலும் வழி இருக்கும்.